தீர்ப்பில் பத்தாண்டு, சிறையில் எத்தனை நாள்?

சுப்பிரமணிய சிவா எத்தனை ஆண்டு சிறையில் இருந்தார்? பள்ளிப் பாடத்தில் படித்தவர் பத்தாண்டு என்பார். கொஞ்சம் கூடுதலாக வாசித்தவர் ஆறாண்டு என்று திருத்துவார். தேதிகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டுமே சரியில்லை. 1908 மார்ச் 12-ஆம் தேதி கைதானவர், 1912 நவம்பர் 2-ஆம் தேதி விடுதலையானார். நான்கு ஆண்டு, ஏழு மாதம், இருபத்தொரு நாள்.

இந்த மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு ஆவணங்களிலிருந்து வருகின்றன. பத்து, திருநெல்வேலி செஷன்ஸ் நீதிமன்றம் கொடுத்தது. ஆறு, சென்னை உயர்நீதிமன்றம் குறைத்தது. நான்கு ஆண்டுச் சொச்சம் சிறைப் பதிவேட்டில் பார்க்க வேண்டிய கணக்கு. தியாகிகளைப் பற்றிய நூல்களில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கின்றன. தண்டனை என்பது வேறு, அனுபவித்த காலம் என்பது வேறு. இதைப் பிரித்துப் பார்க்காதவரை எந்தத் தியாகியின் சிறைக்காலத்தையும் சரியாகச் சொல்ல முடியாது.

திருச்சித் தியாகிகளைத் தேடப் புறப்பட்டவர், சிவாவுக்கும் திருச்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அவர் பிறந்தது வத்தலக்குண்டு, பேசியது தூத்துக்குடி, வழக்கு நடந்தது திருநெல்வேலி. ஆனால் தண்டனைக் காலத்தில் அவரை அடைத்து வைத்தது திருச்சி மத்திய சிறையில். 1865-இல் ஏற்பட்ட பழைய சிறை அது. பிறகு சேலத்துக்கு மாற்றினார்கள். தொழுநோய் அவரைப் பற்றியதும் இந்தச் சிறைவாசத்தில்தான்.

நேர் எதிராக இன்னொருவரைப் பாருங்கள். வ.வே.சு. ஐயர் திருச்சி வரகனேரிக்காரர். 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்தபோது 1921-இல் அரசத்துரோக வழக்கில் ஒன்பது மாதம் தண்டனை பெற்றார். அடைக்கப்பட்டது பெல்லாரி சிறையில். திருச்சி மனிதரைத் திருச்சிச் சிறைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்க மாட்டார். பெல்லாரி அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் மைசூர் மாநிலத்துக்குப் போய்விட்டது. வ.உ.சி. கடைசியாக இருந்த கண்ணனூர்ச் சிறையோ 1956-க்குப் பிறகு கேரளத்தில். ஆக, தேடலின் முதல் கேள்வி அவர் எந்த ஊர்க்காரர் என்பதல்ல, எந்தச் சிறை என்பதுதான். பெண்களாக இருந்தால் அதிலும் ஒரு சுற்று உண்டு. வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரகம் செய்து 1930-இல் ஓராண்டு தண்டனை பெற்ற ருக்மிணி லட்சுமிபதியை வேலூர் பெண்கள் சிறைக்குத்தான் அனுப்பினார்கள்.

எந்தச் சிறை என்பதை எங்கே கண்டுபிடிப்பது? அதற்குத்தான் வழக்கு விவரம். சிவா வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

1908 மார்ச் 12-இல் சிவா, வ.உ.சி., பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானபோது அரசத்துரோக வழக்கு இன்னும் வரவில்லை. நன்னடத்தைக்கு ஜாமீன் கொடு என்ற நடவடிக்கைதான் முதலில் நடந்தது. அரசத்துரோகக் குற்றச்சாட்டு பின்னால் வந்து சேர்ந்தது. கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே ஜூலை 7-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்குப் பத்தாண்டு தீவாந்தரம். வ.உ.சி.க்குத் தாம் பேசியதற்கு ஓர் ஆயுள் தீவாந்தரம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொன்று. ஆயுள் தீவாந்தரத்தை இருபது ஆண்டாகக் கணக்கிடலாம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு ஒரு கணக்குக்காகச் சொன்னது. அந்த இருபதையும் இருபதையும் கூட்டித்தான் மேடைகளில் நாற்பதாண்டு என்ற எண் புழங்குகிறது. இரண்டு தண்டனைகள் இருந்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாகவா, ஏககாலத்திலா என்று தீர்ப்பின் கடைசி வரிகளைப் பார்த்த பிறகே கூட்ட வேண்டும். ஏககாலம் என்றால் பெரியது மட்டுமே கணக்கு.

மேல்முறையீடு அதே ஆண்டு நவம்பரில் முடிந்தது. உயர்நீதிமன்றத் தீர்ப்பு அச்சிலேயே இருக்கிறது. இந்தியச் சட்ட அறிக்கைகளின் மெட்ராஸ் வரிசையில் 32-ஆம் தொகுதியை எந்தப் பழைய வக்கீல் சங்க நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். ஆறாண்டாகக் குறைத்தது உயர்நீதிமன்றமா, லண்டன் பிரிவி கவுன்சிலா என்று வ.உ.சி. பற்றிய புத்தகங்கள் ஆளுக்கொன்று சொல்கின்றன. மூலத்தைப் புரட்டினால் அந்தச் சண்டை தீரும். விசாரணையின் அன்றாட விவரம் வேண்டுமானால் 'தி ஹிந்து', 'சுதேசமித்திரன்' பழைய தொகுப்புகள். அரசாங்கத்தின் பார்வை வேண்டுமானால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நீதித்துறை, பொதுத்துறை அரசாணைகள். ஒரு கைதியைச் சிறை விட்டுச் சிறை மாற்றியதற்கும், நோயின் பேரில் விடுவித்ததற்கும் காகிதம் அங்கேதான் சேரும்.

தீவாந்தரம் என்ற சொல்லைக் கண்டதும் அந்தமான் என்று எழுதிவிடக் கூடாது. சிவாவும் வ.உ.சி.யும் கடல் தாண்டவில்லை. தண்டனையை மாகாணச் சிறைகளிலேயே கழித்தார்கள். தீர்ப்பில் இருக்கும் சொல் ஒன்று, நடந்தது வேறு. நடந்ததைச் சொல்வது சிறைப் பதிவேடு.

தண்டனைக் கைதிகள் பதிவேட்டில் கைதியின் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர், அங்க அடையாளம், குற்றப் பிரிவு, தண்டனை கொடுத்த நீதிமன்றம், தேதி, விடுதலைக்குரிய நாள், உண்மையில் விடுதலையான நாள் எல்லாம் வரிசையாக வரும். வேறு சிறைக்குப் போயிருந்தால் அனுப்பிய தேதியும் இருக்கும். விசாரணைக் கைதிகளுக்குத் தனிப் பதிவேடு. தினசரி நடத்தை, வேலை, தண்டனை, ரிமிஷன் ஆகியவை ஹிஸ்டரி டிக்கெட்டில் ஏறும். திருச்சிப் பதிவேட்டில் ஒருவரின் வரி 'மாற்றப்பட்டார்' என்று முடிந்தால் அது விடுதலைத் தேதி அல்ல. மாற்றத் தேதியை விடுதலைத் தேதியாக எழுதியதால் பலருடைய சிறைக்காலம் அச்சில் சுருங்கிவிடுகிறது.

இனி சிவாவின் கணக்கு. ஆறாண்டை 1908 ஜூலை 7-லிருந்து எண்ணினால் 1914 ஜூலையில் முடிய வேண்டும். விடுதலை 1912 நவம்பர் 2. தீர்ப்பு நாளிலிருந்து உள்ளே இருந்தது நான்கு ஆண்டு மூன்று மாதம் இருபத்தாறு நாள். எஞ்சிய ஓராண்டு எட்டு மாதச் சொச்சம் கழிந்துபோனது. அவர் தப்பவும் இல்லை, தண்டனை மறுபடி குறைக்கப்பட்டதாக எண்ணவும் வேண்டாம். சிறைகளில் ரிமிஷன் என்ற கழிவு முறை இருந்தது. நீண்ட தண்டனைக் கைதிக்கு மாதாமாதம் சேரும் நாள்கள் வருடக்கணக்கில் போய் நிற்கும். இதை அறியாதவர்கள்தான் ஆறாண்டு தண்டனை என்பதை வைத்து 1914 வரை சிறை என்று எழுதுகிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கைதான நாளிலிருந்து தீர்ப்பு நாள்வரை ஏறக்குறைய நான்கு மாதம் அவர் விசாரணைக் கைதி. அந்த நாள்களைத் தண்டனையில் கழிக்கும் உரிமை அன்று கைதிக்கு இல்லை. அது 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்த பிறகே கிடைத்தது. நீதிமன்றம் கணக்கில் எடுக்காத அந்த நான்கு மாதமும் அவர் உடம்பு அனுபவித்த சிறைதான். வாழ்க்கை வரலாறு எழுதுபவர் அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

1921-இல் சிவாவுக்கு மறுபடியும் அரசத்துரோக வழக்கு, இரண்டரை ஆண்டு தண்டனை. உடல்நலம் கெட்டதால் முழுக்காலம் முடியுமுன்பே வெளியே வந்தார். இரண்டரையை அப்படியே பழைய கணக்கோடு கூட்டிவிட்டால் மறுபடியும் பிழை. 1925 ஜூலை 23-இல் பாப்பாரப்பட்டியில் காலமான மனிதரின் கடைசி வருடங்களில் எவ்வளவு காலம் சிறையில் போயிற்று என்பதை விடுதலை உத்தரவின் தேதிதான் தீர்மானிக்கும்.

1908 வழக்கில் தண்டனை பெற்ற வ.உ.சி. விடுதலையான நாளை டிசம்பர் 12 என்றும் டிசம்பர் 24 என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். பன்னிரண்டு நாள் பெரிதல்ல என்று தோன்றலாம். ஒருவர் சிறை வாசலைக் கடந்து வெளியே வந்த நாளைச் சரியாகச் சொல்வது அவருக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

1930-க்கு வந்தால் தேடல் வேறு மாதிரி ஆகிறது. ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில் உப்பு யாத்திரை திருச்சி கன்டோன்மென்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து புறப்பட்டது. ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர். லண்டனில் வ.வே.சு. ஐயருக்கு நண்பர். வேதாரண்யத்தில் ராஜாஜிக்கு ஆறு மாதமும் 200 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். தலைவருக்குப் பத்திரிகையில் செய்தி வந்தது. கூட நடந்த தொண்டருக்கு அவ்வளவு இடம் கிடைக்காது. மாஜிஸ்திரேட் முன் ஒரே நாளில் முடிந்த விசாரணைக்குச் சட்ட அறிக்கைத் தொகுதியும் கிடையாது. அவருக்குச் சிறைப் பதிவேடு ஒன்றே சாட்சி. அபராதத் தண்டனை இருந்தால், கட்டினாரா, கட்டாமல் கூடுதல் மாதம் இருந்தாரா என்பதையும் அங்கேதான் பார்க்க வேண்டும். சத்தியாகிரகிகள் பெரும்பாலும் கட்டவில்லை.

ஸ்ரீரங்கத்தில் பெயரே ஒரு சிக்கல். ரங்கராஜன், ரங்கநாதன், ரங்கசாமி என்று அரங்கன் பெயர் தெருவுக்குத் தெரு இருக்கும். ராஜனுக்கு முழுப்பெயர் திருவேங்கிமலை சேஷ சுந்தர ராஜன். அதைச் சிறை எழுத்தர் எந்த எழுத்தின் கீழ் ஏற்றியிருப்பார் என்று யோசிக்க வேண்டும். ஆகவே பெயரை மட்டும் வைத்து ஒருவரை அடையாளம் காணக் கூடாது. தகப்பனார் பெயரும், வயதும், தண்டனைத் தேதியும் மூன்றும் பொருந்தினால்தான் அவர் இவர்.

1942-இல் பாதுகாப்புக் கைதிகளாகப் பிடிக்கப்பட்டவர்களுக்கு வழக்கே நடக்கவில்லை. அவர்களைத் தீர்ப்புகளில் தேடுவது வீண். காவலில் வைக்கும் உத்தரவும் விடுவிக்கும் உத்தரவும்தான் அவர்களின் இரு முனைகள்.

மத்திய அரசின் தியாகி பென்ஷன் 1972-இல் தொடங்கியபோது இந்தத் தேதிகள் சோற்றுப் பிரச்சினையாகவும் ஆயின. குறைந்தது ஆறு மாதம் சிறை என்பது விதியாக இருந்தது; பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் 1980-இல் அது மூன்று மாதமாகக் குறைக்கப்பட்டது. தண்டனையில் முடிந்த வழக்கானால் விசாரணைக் காலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், சாதாரண ரிமிஷன் ஒரு மாதம்வரை இருந்த காலமாகவே கொள்ளப்படும் என்றும் விதி சொன்னது. வெள்ளைக்கார நீதிமன்றம் கழிக்க மறுத்த நாள்களைச் சுதந்திர இந்தியா எண்ணிக்கொண்டது. பதிவேடு அழிந்துபோயிருந்தால், ஆவணம் இல்லை என்ற சான்றும் உடன் சிறையிலிருந்தவர்களின் சான்றும் வாங்க வேண்டியிருந்தது. அப்படிச் சான்று கொடுத்தவர்கள் தங்கள் மனுக்களில் எழுதிய தேதிகள் இன்று நமக்கு இரண்டாம் நிலை ஆதாரம். நினைவிலிருந்து எழுதியவை என்பதை மறக்காமல் பயன்படுத்தலாம்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் தாத்தாவின் பெட்டியில் சிறை விடுதலைச் சீட்டோ, பென்ஷன் மனுவின் நகலோ வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கும். அதைப் படம் எடுத்து, சிறையின் பெயரையும் இரண்டு தேதிகளையும் தனியே எழுதி, மாவட்ட நூலகத்திலோ கல்லூரி வரலாற்றுத் துறையிலோ ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். நினைவுக் கல்லில் பொறிக்கும்போது தண்டனைக் காலத்தை ஒரு வரியிலும் சிறையில் இருந்த காலத்தை மறு வரியிலும் எழுதுங்கள்.