அடிநாக்கின் காவல்

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு சத்தம் கேட்கும். அப்பா நாக்கு வழிக்கிறார் என்று அர்த்தம். கண்ணில் நீர் கோக்க, குனிந்து ‘உவ்வே’ என்று நாலு முறை ஓங்கரிப்பார். கடைசியில் கொஞ்சம் மஞ்சள் நீர் வந்தால்தான் அவருக்குத் திருப்தி. “பித்தம் இறங்கிடுச்சுப்பா” என்பார்.

நாக்கின் முன்பாதியை எவ்வளவு தேய்த்தாலும் குமட்டாது. அடிநாக்கு, உள்நாக்கு, மேலண்ணத்தின் மெத்தென்ற பின்பகுதி, தொண்டையின் பின்சுவர் ஆகியவற்றைத் தொட்டால்தான் குமட்டும். விழுங்காத பொருள் எதுவும் அங்கே தங்கக் கூடாது; தங்கினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். அதனால் அந்த இடத்து நரம்புகள் முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. நாம் யோசிப்பதற்குள் தொண்டைத் தசைகள் சுருங்கி, வந்த பொருளை வெளியே தள்ளப் பார்க்கின்றன. பிரஷ்ஷுக்கும் மீன் முள்ளுக்கும் அங்கே வித்தியாசம் தெரியாது. வாந்தி, உமிழ்நீர் போன்றவற்றை இயக்கும் இடங்களும் முகுளத்தில் அருகருகே இருப்பதால்தான், ஒரு தொடுகைக்கு வாய் ஊறி, கண் கலங்கி, வயிறும் புரட்டுகிறது.

கடைவாய்ப்பல் விஷயம் கொஞ்சம் வேறு. பல்லைத் தொடுவதால் குமட்டுவதில்லை. பிரஷ்ஷின் தலை பெரிதாக இருந்தால் அதன் நுனி அண்ணத்தையோ அடிநாக்கையோ உரசிவிடுகிறது. பேஸ்ட் நுரையும் தொண்டைப் பக்கம் வழிகிறது. இரவில் தொண்டையில் இறங்கிய சளி, எதுக்களித்த அமிலம், கர்ப்ப காலத்து மசக்கை, இவற்றில் ஏதாவது இருந்தால் காலையில் சின்ன உரசலே போதும். போன தடவை குமட்டியது நினைவுக்கு வந்தாலே சிலருக்குத் தொண்டை இறுகிவிடும்.

சரி, அப்பாவின் பித்தம்? அந்த மஞ்சள் நீரில் பித்தநீர் இருப்பது உண்மைதான். ஆனால் அது தேங்கிக் கிடந்த கழிவு அல்ல; கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் நாள் முழுக்கச் சுரப்பது. வெறும் வயிற்றில் பலமாக ஓங்கரிக்கும்போது சிறுகுடலிலிருந்து மேலேறி வருகிறது. நாளைக்கும் வரும். கூடவே வரும் அமிலம் தொண்டையைப் புண்ணாக்கும், பல்லின் எனாமலைக் கரைக்கும். அப்படி வந்துவிட்டால் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். அரைமணி நேரம் கழித்தே பல் தேயுங்கள்.

குமட்டலைத் தணிக்கச் சின்னத் தலையுள்ள பிரஷ்ஷும் பட்டாணி அளவு பேஸ்ட்டும் போதும். தலையைக் குனிந்து, மூக்கால் மூச்சு விடுங்கள். கடைவாய்ப்பல்லின் வெளிப்பக்கத்தைத் தேய்க்கும்போது வாயை அகலத் திறக்காமல் பாதி மூடினால், கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பிரஷ் தாராளமாக நுழையும். நாக்கில், குமட்டத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் பிரஷ்ஷை வைத்துப் பத்து எண்ணுங்கள். அது பழகிய பிறகு ஒரு நூலளவு பின்னால் நகர்த்துங்கள். சில வாரங்களில் நரம்பு அந்தத் தொடுகைக்குப் பழகிவிடும்.

இதுவரை இல்லாமல் திடீரென்று குமட்டல் ஆரம்பித்தாலோ, விழுங்கும்போது சோறு சிக்கினாலோ, எடை குறைந்தாலோ, இரத்தம் வந்தாலோ பிரஷ்ஷைக் குறை சொல்லாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.