மூன்று எண்களில் ஒரு கண்ணாடியின் குணம்

லென்ஸ் செய்யும் தொழிலில் பிகே7 என்று ஒரு கண்ணாடி, எஃப்2 என்று ஒரு கண்ணாடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்தால் ஈயம் கலந்த எஃப்2 சற்றுக் கனக்கும். முதலாவது கிரௌன் இனம், அடுத்தது ஃபிளின்ட் இனம். தொலைநோக்கியின் முன்புறம் இருக்கும் பெரிய லென்ஸுக்கு இவற்றில் ஒன்று போதுமா, இரண்டும் வேண்டுமா என்ற கேள்விக்கு மூன்றே மூன்று ஒளிவிலகல் எண்கள் விடை சொல்லிவிடும்.

ஒரு கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண் ஒன்றுதான் என்று பள்ளியில் படித்த நினைவு பலருக்கும் இருக்கும். உண்மையில் நிறத்துக்கு நிறம் அது மாறும். நீல ஒளியைக் கண்ணாடி அதிகமாக வளைக்கும், சிவப்பைக் குறைவாக வளைக்கும். ஆனால் 'நீலம்' என்று பொதுவாகச் சொன்னால் அளவு எடுக்க முடியாது. எந்த நீலம் என்று குறித்தாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சூரிய நிறமாலையில் கண்ட கருங்கோடுகளுக்கு எழுத்துகளால் பெயர் வைத்தார். அவை இந்த வேலைக்கு வசதியான மைல்கற்களாக அமைந்தன. இன்று பட்டியல்களில் வழங்குபவை மூன்று: சிவப்பில் ஹைட்ரஜனின் C கோடு (656.3 நானோமீட்டர்), மஞ்சளில் ஹீலியத்தின் d கோடு (587.6), நீலத்தில் ஹைட்ரஜனின் F கோடு (486.1).

பிகே7-இன் ஒளிவிலகல் எண்கள் இந்த மூன்றுக்கும் முறையே 1.51432, 1.51680, 1.52238. எஃப்2-க்கு 1.61503, 1.62004, 1.63208. நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள இடைவெளியைக் கழித்துப் பாருங்கள்: பிகே7-இல் 0.00806, எஃப்2-இல் 0.01705. இரண்டு மடங்குக்கும் மேல். இதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. எஃப்2 ஒளியை மொத்தமாகவே அதிகம் வளைக்கும் கண்ணாடி. அதில் செய்த லென்ஸுக்கு அவ்வளவு வளைவான பரப்பு தேவைப்படாது. ஆகவே, 'ஒளியை எவ்வளவு வளைக்கிறாய், அந்த வளைவில் எத்தனை பங்கு நிறம் சிதறுகிறது?' என்று கேட்பதுதான் நியாயம். மஞ்சள் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் வளைக்கும் அளவு கிடைக்கும். அதனால் வகுத்தால் வருவதே நிறப்பிரிகை திறன்:

ω = (n_F − n_C) / (n_d − 1)

பிகே7-க்கு 0.0156. எஃப்2-க்கு 0.0275. தொழிலில் இதைத் தலைகீழாக்கி எழுதுவார்கள்; 64.2, 36.4 என்று எண்கள் பார்க்கச் சுலபமாகிவிடும். அதற்கு அபே எண் என்று பெயர். யேனா நகரில் 1884-இல் ஷாட், ஸைஸ் ஆகியோருடன் சேர்ந்து கண்ணாடி ஆலை தொடங்கிய எர்ன்ஸ்ட் அபேயின் பெயர் அது. அபே எண் கூடினால் நிறச் சிதறல் குறைவு. தலைகீழ் எண் என்பதால் இந்த இடத்தில் குழம்புகிறவர்கள் ஏராளம்.

இந்த எண்ணை வைத்து என்ன செய்யலாம்? பிகே7-இல் மட்டும் 1,000 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள ஒரு லென்ஸ் செய்ததாக வைத்துக்கொள்வோம். குவியத் தூரத்தை அபே எண்ணால் வகுத்தால், நீலக் குவியத்துக்கும் சிவப்புக் குவியத்துக்கும் இடையில் உள்ள தூரம் கிடைக்கும். 1,000-ஐ 64.2-ஆல் வகுக்க, சுமார் 15.6 மில்லிமீட்டர். லென்ஸின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்றால், படம் தெளிவாக இருக்கக் குவியம் முன்னும் பின்னும் நகரக்கூடிய எல்லை 0.1 மில்லிமீட்டர் அளவுதான். 15.6 எங்கே, 0.1 எங்கே! நிலாவின் விளிம்பில் நிறங்கள் ஒழுகும்.

இதற்குப் பரிகாரமே இல்லை என்று நியூட்டன் கருதினார். எல்லாப் பொருள்களிலும் வளைவும் சிதறலும் ஒரே விகிதத்தில் இருக்கும் என்பது அவர் முடிவு. அதாவது ω எல்லாக் கண்ணாடிக்கும் ஒன்றே என்று சொன்னதாகிறது. அப்படியானால் சிதறலை நீக்கினால் வளைவும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் அவர் லென்ஸை விட்டுக் கண்ணாடியாடி வைத்த தொலைநோக்கிக்குப் போனார். அவ்வளவு பெரிய மேதையின் சொல்லை அளந்து பார்க்கத் துணிய நாளாயிற்று. 1730-களில் செஸ்டர் மூர் ஹால் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் கிரௌனையும் ஃபிளின்ட்டையும் இணைத்து நிறமற்ற லென்ஸ் செய்வித்தார். 1758-இல் லண்டனின் ஜான் டாலண்ட் அதற்குக் காப்புரிமை பெற்றார். தொழில் ரகசியம் எப்படியோ கசிந்தது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது.

அந்த இணைப்பு எப்படி வேலை செய்கிறது? குவிலென்ஸ் ஒன்று, குழிலென்ஸ் ஒன்று. ஒவ்வொன்றின் திறனையும் அதன் அபே எண்ணால் வகுத்துக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். திறன்களின் கூட்டல் மட்டும் நமக்கு வேண்டிய அளவாக மிஞ்ச வேண்டும். நம் 1,000 மில்லிமீட்டர் லென்ஸின் திறன் 1 டயாப்டர். கணக்குப் போட்டால் பிகே7 குவிலென்ஸுக்கு +2.31, எஃப்2 குழிலென்ஸுக்கு −1.31. குவியத் தூரமாகச் சொன்னால் 433 மில்லிமீட்டரும் −764 மில்லிமீட்டரும். கூட்டினால் 1. சிதறலைப் பார்த்தால், 2.31-ஐ 64.2-ஆல் வகுத்தாலும் 1.31-ஐ 36.4-ஆல் வகுத்தாலும் 0.036தான். ஒன்றை ஒன்று அழித்துவிடுகிறது.

கண்ணாடித் தேர்வின் சூட்சுமம் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. எஃப்2-க்குப் பதிலாக அபே எண் 56 உள்ள பேரியம் கிரௌன் கண்ணாடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். இரண்டு அபே எண்களுக்கும் இடையில் வெறும் 8 வித்தியாசம். நிறம் அப்போதும் நீங்கும். ஆனால் குவிலென்ஸின் குவியத் தூரம் 128 மில்லிமீட்டராகச் சுருங்க வேண்டும். 100 மில்லிமீட்டர் அகலத்துக்கு அது கிட்டத்தட்ட உருண்டை. பரப்பின் வளைவால் வரும் மங்கல் வேறு வகையில் படத்தைக் கெடுத்துவிடும். விலை உயர்ந்த கண்ணாடி என்பதற்காக எடுக்கக் கூடாது. அபே எண்ணில் துணைக் கண்ணாடியிலிருந்து வெகுதூரம் விலகியிருப்பதை எடுக்க வேண்டும்.

அபே எண்ணுக்கு எட்டாத ஒன்றும் உண்டு. சிவப்பையும் நீலத்தையும் ஒரே இடத்தில் கூட்டியபின் மஞ்சள் எங்கே விழுகிறது? சாதாரண கிரௌன்-ஃபிளின்ட் இணையில் அது குவியத் தூரத்தில் ஏறத்தாழ 2,000-இல் ஒரு பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர், முன்னே நிற்கும். ஊதா இன்னும் தள்ளிப் போகும். வெள்ளியைப் பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் மெல்லிய ஊதா வளையம் இதுதான். இதைப் போக்க, அபே எண் 95 வரை போகும் ஃப்ளூரைட் படிகத்தையோ அதையொத்த தனிக் கண்ணாடியையோ தேட வேண்டும். ஊதாக் கோட்டையும் நான்காவதாக அளக்க வேண்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் பாதரச விளக்கு வைத்து முப்பட்டகத்தின் நிறப்பிரிகை திறனை அளக்கும் மாணவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதரசக் கோடுகள் வேறு, பட்டியலின் கோடுகள் வேறு. இரண்டு விடையும் ஒத்துப்போகாவிட்டால் சோதனை தவறு என்று பொருளில்லை.

மூக்குக்கண்ணாடி வாங்கும்போதும் இந்த எண் உதவும். சாதாரண சிஆர்-39 பிளாஸ்டிக்குக்கு அபே எண் 58, உடையாத பாலிகார்பனேட்டுக்கு 30. பவர் −6 உள்ளவர் லென்ஸின் ஓரமாகப் பார்த்தால் பாலிகார்பனேட்டில் நிற ஓரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரியும். பவர் 1, 2 உள்ளவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அதிகப் பவர் உள்ளவர்கள் லென்ஸ் எவ்வளவு மெல்லியது என்று மட்டும் கேட்காமல், அபே எண் எவ்வளவு என்றும் கடையில் கேளுங்கள்.