விந்து வெளியேறும்போது வலித்தால்

சிறுநீர் போகையில் எரிகிறது என்றால் ஆண்கள் மெடிக்கல் ஷாப்பில் கூசாமல் சொல்லிவிடுகிறார்கள். விந்து வெளியேறும்போது வலிக்கிறது என்பதை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. ‘உடம்பில் சூடு’ என்று தாங்களே முடிவுகட்டி, இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் என ஒரு சுற்று வருவார்கள். அதுவும் கேட்காதபோது ‘நீர்க்கடுப்புக்கு ஏதாவது கொடுங்க’ என்று பாதியை விழுங்கிக்கொண்டு கேட்பார்கள். பெரும்பாலும் கையில் கிடைப்பது ஐந்து நாளைக்கான ஆன்டிபயாட்டிக். வலி கொஞ்சம் தணியும், பிறகு திரும்பி வரும். இந்த ஐந்து நாள் மாத்திரைதான் பின்னால் வரும் மருத்துவருக்குப் பெரிய தலைவலி. ஏன் என்பதை அறிய, வலி பிறக்கும் இடத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

விந்து வெளியேறுவது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுருங்கி, தங்கள் திரவத்தைச் சிறுநீர்க் குழாயின் உட்பகுதியில் கொண்டுவந்து சேர்க்கின்றன. விந்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விந்துப்பைகளில் ஊறுவது. மீதியில் பெரும்பகுதி புராஸ்டேட்டுடையது. விரைகளிலிருந்து வரும் உயிரணுக்கள் அளவில் மிகச் சொற்பம். திரவம் பின்னோக்கிப் போய்விடாதபடி சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்கிறது. இரண்டாவது கட்டத்தில் இடுப்பின் அடித்தளத் தசைகள் ஒரு விநாடிக்கும் குறைந்த இடைவெளியில் விட்டுவிட்டுச் சுருங்கி, அதை வெளியே தள்ளுகின்றன.

சுருங்கும் சுரப்பி வீங்கியிருந்தாலும், போகும் குழாய் புண்ணாகியிருந்தாலும், வாசல் அடைபட்டிருந்தாலும், தள்ளும் தசை பிடித்துக்கொண்டிருந்தாலும் வலிக்கும். அதனால்தான் யூராலஜி மருத்துவர்கள் முதலில் ஸ்கேனுக்கு எழுதுவதில்லை, கேள்விதான் கேட்கிறார்கள். எங்கே வலிக்கிறது? வெளியேறும் நொடியிலா, முடிந்த பிறகா? எவ்வளவு நேரம் நிற்கிறது? புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகளே இந்த வலியைக் கொடுப்பது உண்டு என்பதால் கடைசிக் கேள்வியை அவர்கள் விடுவதில்லை. குடலிறக்க அறுவைச் சிகிச்சையோ குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையோ செய்துகொண்டதுண்டா என்பதும் அதோடு சேர்ந்து வரும்.

ஒருவரை வைத்துப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். இவர் ஒரே ஆள் அல்ல, யூராலஜி புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி தென்படும் பலரைச் சேர்த்து எழுதிய ஒருவர். வயது நாற்பதை நெருங்குகிறது, வேலை வாடகைக் கார் ஓட்டுவது. நான்கு மாதமாக வலி. வெளியேறும் நொடியில் குறியின் நுனியில் சுருக்கென்கிறது. சில நிமிடங்களில் விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஒரு கனத்த வலி வந்து உட்கார்ந்து, இரண்டு மூன்று மணி நேரம் நகர மறுக்கிறது. இரவில் இரண்டு முறை சிறுநீருக்கு எழுந்திருக்கிறார். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையை ஐந்தைந்து நாளாக மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

“சாப்பிடும்போது நல்லா இருக்கு டாக்டர், விட்டா பத்து நாள்ல வந்துடுது.”

“கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?”

“போன வாரம்தான்.”

“அப்ப இன்னிக்கு டெஸ்ட் வேண்டாம். எந்த ஆன்டிபயாட்டிக்கும் தொடாம இருங்க, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க.”

நோயாளிக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் மாத்திரையின் மிச்சம் உடம்பில் இருக்கும்வரை கிருமி ஒளிந்துகொள்ளும், கல்ச்சரில் எதுவும் வளராது. கிருமியே இல்லை என்ற தவறான முடிவுக்கு அது கொண்டுபோய்விடும்.

இரண்டு வாரம் கழித்துச் செய்யும் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை, இரண்டு பாட்டில் போதும். முதல் பாட்டிலில் வழக்கமான நடுத்தாரைச் சிறுநீர். அடுத்து மருத்துவர் கையுறை அணிந்து, ஆசனவாய் வழியாக விரலை விட்டு, புராஸ்டேட்டை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி அழுத்தி நீவுகிறார். ஒரு நிமிடம் பிடிக்கும் வேலை. கூச்சமும் அழுத்தமும் உண்டு, தாங்க முடியாத வலி இல்லை. சுரப்பிக்குள் தேங்கியிருந்த திரவம் இதனால் சிறுநீர்க் குழாய்க்குள் இறங்குகிறது. உடனே கழிக்கும் முதல் பத்து மில்லி சிறுநீர் இரண்டாவது பாட்டிலுக்குப் போகிறது. 1968இல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நான்கு மாதிரிகள் எடுத்து இந்தச் சோதனையை வகுத்தார்கள். அது மிகவும் சிரமமான வேலை என்பதால் நடைமுறையில் இரண்டாகச் சுருங்கிவிட்டது.

கார் ஓட்டுநரின் முதல் பாட்டிலில் சீழணுக்கள் ஒன்றிரண்டுதான், கிருமி அநேகமாக இல்லை. இரண்டாவதில் சீழணுக்கள் இருபதைத் தொட்டிருந்தன. ஈ.கோலை கிருமியும் முதல் பாட்டிலைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வளர்ந்திருந்தது. சிறுநீர்ப்பை சுத்தம், கிருமி குடியிருப்பது புராஸ்டேட்டில் என்பதற்கு இதுவே சான்று. இதற்கு நாள்பட்ட பாக்டீரியா புராஸ்டேட் அழற்சி என்று பெயர். வெறும் சிறுநீர்ச் சோதனையோடு நின்றிருந்தால் ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பியிருப்பார்கள்.

ரிப்போர்ட்டில் இன்னொரு செய்தியும் இருந்தது. அந்தக் கிருமிக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் வேலை செய்யாது. இந்தியாவில் ஈ.கோலையிடம் இந்த எதிர்ப்பு சர்வ சாதாரணம், கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் பழக்கத்துக்கு அதில் பங்குண்டு. இரத்தத்திலிருந்து புராஸ்டேட்டுக்குள் எளிதாக நுழையும் ஆன்டிபயாட்டிக்குகளே சில. டிரைமெத்தோபிரிம் அவற்றில் ஒன்று. கல்ச்சரும் அதற்கு இடம் கொடுத்ததால் அது அடங்கிய மாத்திரை எழுதப்பட்டது, ஐந்து நாளைக்கு அல்ல, வாரக்கணக்கில். மருந்தைப் பொறுத்து இந்தச் சிகிச்சை நான்கு வாரத்திலிருந்து மூன்று மாதம்வரை போகும். சுரப்பியின் மூலை முடுக்கில் ஒட்டிக் கிடக்கும் கிருமியைக் களைய அவ்வளவு காலம் பிடிக்கிறது. முடிந்த பிறகு மீண்டும் இரண்டு பாட்டில் சோதனை.

இவர் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலி, பிடிபடக்கூடிய கிருமி இருந்தது. நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி என்ற பெயரோடு வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கல்ச்சரில் எதுவுமே வளர்வதில்லை. இவர்களுக்கு வந்திருப்பது நாள்பட்ட இடுப்பு வலி நோய். விந்து வெளியேறும்போதும் பின்பும் வரும் வலி இதன் முக்கிய அடையாளங்களுள் ஒன்று. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இந்த நோயை அளக்க வகுத்த கேள்வித்தாளிலேயே அதற்குத் தனிக் கேள்வி உண்டு. இவர்களில் பலருக்குத் தொல்லை தசையில் இருக்கிறது. மருத்துவர் விரலால் புராஸ்டேட்டைத் தொடும்போது பெரிதாக வலிக்காது. பக்கத்திலுள்ள இடுப்படித் தசையை அழுத்தினால் ‘அதே வலிதான்’ என்று துள்ளுவார்கள். தள்ள வேண்டிய தசை ஏற்கெனவே இறுகி நிற்க, உச்சத்தில் அது மேலும் சுருங்கிப் பிடித்துக்கொள்கிறது.

இங்கே ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பயனில்லை. தசையைத் தளர்த்தப் பழக்கும் பிசியோதெரபி பலருக்குக் கைகொடுக்கிறது. யூடியூபைப் பார்த்து இடுப்புத் தசையை இறுக்கும் கீகல் பயிற்சியைத் தாங்களே தொடங்கி, வலியைக் கூட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. இறுகிய தசைக்கு அது நேர் எதிரான வைத்தியம். சிறுநீர் தடைபட்டால் டாம்சுலோசின் போன்ற மாத்திரை தருவார்கள். அதைச் சாப்பிடும்போது சிலருக்கு விந்தின் அளவு குறையும், சிலருக்கு வெளியேறாமலேயே போகும். மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று முன்னதாகவே சொல்லிவிட்டால் நோயாளி பயந்து போய் ‘லாட்ஜ் வைத்தியரை’த் தேடிப் போகமாட்டார்.

வலி ஆழத்தில் இல்லாமல், குழாய் நெடுக எரிச்சலாகவும் நுனியில் ஊசி குத்துவது போலவும் இருந்தால் மருத்துவரின் எண்ணம் புராஸ்டேட்டை விட்டு விலகும். புதிய உடலுறவுக்குப் பின் சில நாளிலோ சில வாரத்திலோ தொடங்கியது, காலையில் உள்ளாடையில் கறை, சிறுநீர் கழிக்கும்போதும் எரிச்சல் என்றால் வெட்டை நோய், கிளமிடியா இரண்டையும் தேடுவார். இதற்கு நடுத்தாரைச் சிறுநீர் உதவாது, முதலில் வரும் சிறுநீர்தான் வேண்டும். குழாயில் ஒட்டியிருக்கும் கிருமியை அதுதான் கழுவிக்கொண்டு வரும். சோதனைக்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருக்கச் சொல்வதும் அதனால்தான். துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை செய்யாவிட்டால் நோய் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் இதற்கு இலவசமாகவே மருந்து கிடைக்கும்.

பழைய வெட்டை நோயோ, எப்போதோ போட்ட சிறுநீர் டியூபோ, சைக்கிள் பாரில் விழுந்த அடியோ குழாயில் தழும்பை விட்டுச் சென்றிருக்கலாம். தழும்பு குழாயைச் சுருக்கும். சிறுநீர் நூலாகப் போகும், விந்து பீய்ச்சாமல் பின்னால் சொட்டும். சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, சுருக்கம் எங்கே, எவ்வளவு நீளம் என்று காட்டிவிடும். விந்துக்குழாயின் வாசலில் கல்லோ நீர்க்கட்டியோ அடைத்தால் விந்தின் அளவு சட்டென்று குறையும். குழந்தையின்மைக்காக விந்துப் பரிசோதனை செய்யப் போன இடத்தில் இது தற்செயலாகப் பிடிபடுவது உண்டு. ஆசனவாய் வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்டில் வீங்கிய விந்துப்பைகள் தெரியும்.

இந்தியாவில் மருத்துவர்கள் மனத்தின் ஓரத்தில் வைத்திருக்கும் இன்னொரு பெயர் காசநோய். அது நுரையீரலோடு நிற்பதில்லை, புராஸ்டேட்டிலும் விந்துப்பையிலும் போய் உட்காரும். சிறுநீரில் சீழணுக்கள் நிறைய இருந்தும் சாதாரணக் கல்ச்சரில் எதுவும் வளராமல், விந்தில் இரத்தமும் கலந்து வந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் இனத்து மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடியவை. அதனால் தானே வாங்கிச் சாப்பிட்டவருக்கு இடையில் கொஞ்சம் குணம் தெரியும், உண்மையான நோய் மாதக்கணக்கில் மறைந்திருக்கும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, ஆசனவாய்ப் பக்கம் கடும் வலி என்று வந்தால் எந்த வரிசையும் காத்திருக்காது. அது திடீர் புராஸ்டேட் தொற்று, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியது. அப்போது புராஸ்டேட்டை நீவவே கூடாது, கிருமி இரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து உண்டு.

ஐம்பதைக் கடந்தவருக்கு இதே வலி வந்தால் புராஸ்டேட் வீக்கத்தையும், அரிதாகப் புற்றுநோயையும் நினைக்க வேண்டியிருக்கிறது. அதற்காக எடுக்கும் பி.எஸ்.ஏ. இரத்தச் சோதனையில் அவசரம் ஆகாது. தொற்று இருக்கும்போது அந்த எண் தானாகவே எகிறும். சிகிச்சை முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, முந்தைய இரண்டு நாள் விந்து வெளியேறாமல் பார்த்துக்கொண்டு இரத்தம் கொடுத்தால்தான், அதை வைத்து மேற்கொண்டு பயாப்சி தேவையா என்று மருத்துவர் யோசிக்க முடியும்.