பெயருக்குக் கீழே நாலு வரி

மென்பொருள் வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமேயில் பெயரும் தொலைபேசி எண்ணும் முடிந்ததும் மூன்று, நான்கு வரியில் ஒரு பத்தி வரும். சம்மரி என்பார்கள். ஸ்டாஃப் இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட் போன்ற பதவிகளுக்கு விண்ணப்பிக்கும் பலர் சறுக்குவது இந்தப் பத்தியில்தான். வேலை தெரியாததால் சறுக்குவதில்லை. பழைய பதவிக்கு எழுதியதையே இதற்கும் எழுதிவிடுகிறார்கள்.

சீனியர் இன்ஜினியர் வரை ஒருவரின் வேலை பெரும்பாலும் ஒரு டீமுக்குள் நடக்கிறது. கொடுத்த பகுதியைப் பிழையில்லாமல் எழுதி முடித்தாரா என்று பார்த்தால் போதும். அதற்கு அடுத்த படிதான் ஸ்டாஃப். அங்கே போனவருக்குக் கீழே பெரும்பாலும் ஆட்கள் இருப்பதில்லை. யாருக்கும் சம்பள உயர்வு கொடுக்கவோ, யாரையும் வேறு டீமுக்கு மாற்றவோ அவரால் முடியாது. ஆனாலும் பல டீம்கள் எடுக்கும் தொழில்நுட்ப முடிவுகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருப்பதற்கு அவர் பொறுப்பு. வில் லார்சன் 2021இல் வெளியிட்ட ‘ஸ்டாஃப் இன்ஜினியர்’ நூலில் இந்தப் படியில் இருப்பவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார். அதில் ஒரு வகை ஆர்க்கிடெக்ட்.

இப்படிப்பட்டவரின் சம்மரி வழக்கமாக எப்படி இருக்கும்? “14 ஆண்டு அனுபவம். ஜாவா, காஃப்கா, குபர்நெட்டீஸில் தேர்ச்சி. பல டீம்களுடன் இணைந்து பணியாற்றியவர். லட்சம் வரிகளுக்கு மேல் கோட் எழுதியவர்.” எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், இவர் வந்த பிறகு மற்றவர்களின் வேலையில் என்ன மாறியது என்பதற்கு இதில் பதில் இல்லை. கோட் வரிகளை எண்ணுவது எவ்வளவு தவறான அளவுகோல் என்பதற்கு ஆப்பிள் நிறுவனத்திலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1982இல் லிசா கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, வாரம் எத்தனை வரி எழுதினீர்கள் என்று இன்ஜினியர்களிடம் படிவம் கேட்டார்கள். வரைகலைப் பகுதியைத் திருத்தி எழுதி, வேகத்தைக் கூட்டி, கோடையும் சுருக்கியிருந்த பில் அட்கின்சன் ‘-2000’ என்று நிரப்பினார்.

சரியான சம்மரி எப்படி உருவாகிறது என்று பார்க்க, கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். இணையத்தில் பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறார். அங்கே ஆர்டர், சந்தா, ரீசார்ஜ், பரிசு அட்டை என்று 11 டீம்கள் வாடிக்கையாளரிடம் பணம் வசூலிக்கின்றன. பணம் போய்விடுகிறது, ஆனால் வங்கியின் பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. ஆப் மறுபடி அனுப்புகிறது, பணம் இரண்டாம் தடவையும் பிடிக்கப்படுகிறது. ஒவ்வொரு டீமும் இதற்குத் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்திருந்தது. ஒரு டீம், ஐந்து நிமிடத்துக்குள் அதே தொகை மறுபடி வந்தால் மறுத்துவிடு என்று வைத்திருந்தது. தனக்கும் தம்பிக்கும் ஒரே தொகையில் ரீசார்ஜ் செய்ய வந்தவரால் அங்கே பணம் கட்டவே முடியவில்லை.

அவர் முதலில் கோட் எழுதவில்லை. எல்லா டீம்களின் ஒரு வருடக் கோளாறுக் குறிப்புகளையும் எடுத்துப் படித்தார். வெவ்வேறு பெயரில் பதிவான பிரச்சினைகளுக்கு வேர் ஒன்றுதான் என்று தெரிந்தது. ஆறு பக்கத்தில் ஒரு டிசைன் டாக்குமென்ட் எழுதினார். வாடிக்கையாளர் பட்டனை அழுத்தும் அந்தக் கணத்தில் ஒரு தனி எண் உருவாக வேண்டும். எத்தனை தடவை மறுபடி அனுப்பினாலும் அதே எண்தான் போக வேண்டும். சர்வர் அந்த எண்ணையும் அதற்குக் கொடுத்த பதிலையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதே எண் திரும்ப வந்தால் பணத்தைத் தொடாமல் பழைய பதிலையே கொடுக்கும். ஸ்ட்ரைப் போன்ற பேமென்ட் நிறுவனங்களில் `Idempotency-Key` என்ற பெயரில் புழங்கும் முறைதான் இது. ஆகவே அந்த யோசனைக்கு அவர் உரிமை கொண்டாட முடியாது.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். எண்ணை 24 மணி நேரம் வைத்திருந்தால் போதும் என்று அவர் எழுதியிருந்தார். சந்தா டீம் ஒத்துக்கொள்ளவில்லை. பதில் வராமல் நின்றுபோன வசூலை அவர்கள் மூன்றாம் நாளும் முயல்வார்கள், அதற்குள் எண் அழிந்துவிட்டால் பாதுகாப்பே இல்லை என்றார்கள். அது நியாயம் என்பதால் ஏழு நாளாக மாற்றினார். அதிகம் அடிபட்டுக்கொண்டிருந்த ரீசார்ஜ் டீமுடன் உட்கார்ந்து முதலில் அங்கே ஓடவைத்தார். அந்த அனுபவத்தை வைத்துப் பொது லைப்ரரியின் மையப் பகுதியை எழுதினார். அது சில நூறு வரிதான். பிறகு மற்ற டீம்கள் தாமாகக் கேட்டு வந்தன. ஒன்றரை வருடத்தில் 9 டீம்கள் மாறின. அவற்றில் இரட்டைப் பிடித்தப் புகார் மாதம் 140இலிருந்து 6 ஆகக் குறைந்தது.

இப்போது அவருடைய சம்மரியை எழுதலாம்:

“பணம் செலுத்தும் சேவைகளில் டீம்களைக் கடந்து வேலை செய்யும் ஆர்க்கிடெக்ட். மறுமுயற்சியை 11 டீம்கள் தனித்தனியாகக் கையாண்ட இடத்தில் ஒரே முறையை வடிவமைத்தேன். 18 மாதத்தில் 9 டீம்கள் ஏற்றன. அவற்றில் இரட்டைப் பிடித்தப் புகார் மாதம் 140இலிருந்து 6 ஆனது. லைப்ரரியின் மையத்தை எழுதினேன். இப்போது பேமென்ட் டீம் பராமரிக்கிறது.”

இதில் தொழில்நுட்பப் பெயர் ஒன்றுகூட இல்லை. முதலில் படிக்கும் ஆள்சேர்ப்பு அலுவலருக்கு `Idempotency-Key` தெரிந்திருக்க வேண்டியதில்லை. காசு இரண்டு தடவை போனது என்றால் அவருக்குப் புரியும். ஜாவாவும் காஃப்காவும் ரெஸ்யூமேயில் கீழே தனியாக இருக்கட்டும். ‘9 டீம்கள்’ என்று மட்டும் சொல்லாமல் 11இல் 9 என்று தெரியும்படி எழுதியதும் முக்கியம். மொத்தம் தெரியாத எண்ணிக்கையை அனுபவசாலி நம்பமாட்டார்.

அடுத்துப் படிப்பவர் இன்ஜினியர். நேர்முகத்தில் அவர் குடைவார். புகார் குறைந்தது உங்களால்தானா, அதே சமயத்தில் வங்கி தன் இணைப்பைச் சீராக்கியிருக்கலாமே என்பார். இந்தக் கேள்விக்குக் கைகொடுப்பவை மாறாத அந்த இரண்டு டீம்கள். அங்கே புகார் குறையவே இல்லை என்று காட்ட முடிந்தால் வாதம் நிற்கும். அங்கேயும் குறைந்திருந்தால், சம்மரியில் போட்ட எண்ணை எடுத்துவிடுவதுதான் நேர்மை. யார் எதிர்த்தார்கள், அதனால் வடிவமைப்பில் எது மாறியது என்பது இன்னொரு கேள்வி. சந்தா டீமின் ஏழு நாள் கதையைச் சொல்லக்கூடியவர் அந்த அறையில் உண்மையிலேயே இருந்தவர். எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்பவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் வரும். மேலிடத்து உத்தரவு ஒன்று வந்து, அதனால் டீம்கள் மாறியிருக்கலாம். அப்படியானால் அதையும் மறைக்கக் கூடாது. அந்த உத்தரவுக்கு மேலாளரைச் சம்மதிக்க வைத்தது யார் என்பதே அப்போது சொல்ல வேண்டிய செய்தி.

‘நாங்கள்’ என்ற சொல்லும் பலரைக் கவிழ்க்கிறது. பணிவாக எல்லா வினையையும் பன்மையில் எழுதிவிட்டால், இவர் என்ன முடிவெடுத்தார் என்பது படிப்பவருக்குப் பிடிபடாது. வடிவமைத்ததும் மையத்தை எழுதியதும் அவர். ஏற்றதும் பராமரிப்பதும் டீம்கள். இரண்டுக்கும் தனித்தனி எழுவாய் வைத்தால் அடுத்தவர் உழைப்பை எடுத்துக்கொண்டதாகவும் ஆகாது. கடைசி வரியில் உள்ள ‘இப்போது பேமென்ட் டீம் பராமரிக்கிறது’ என்பதைத் தேவையற்றது என்று நீக்கிவிடுபவர்கள் உண்டு. என் பார்வையில் அது மிகக் கனமான வரி. அவர் விலகிய பிறகும் அந்த முறை ஓடுகிறது என்பதற்கு ஒரே சாட்சி அது.

இந்த எண்களையெல்லாம் வேலை தேடும் வாரத்தில் திரட்ட முடியாது. மாற்றத்தைத் தொடங்கும் முன்பே புகார் எத்தனை என்று குறித்து வைக்காவிட்டால், பிறகு ஒப்பிட எதுவும் இருக்காது. நிறுவனத்தை விட்டு வெளியேறிய பின் அந்த ஆவணங்களைத் திறக்கவும் முடியாது, எடுத்து வரவும் கூடாது. மாதம் 140 என்பது வெளியே சொல்லக் கூடாத உள்கணக்கு என்றால் ‘புகார் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போனது’ என்று விகிதமாக எழுதலாம்.