பணம் கேட்காதீர்கள், அரை மணி நேரம் கேளுங்கள்

2008 ஜூன் 26. அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் பெயர்பெற்ற ஏழு முதலீட்டாளர்களுக்கு ஒரு சிறு நிறுவனம் மின்னஞ்சல் வழியாக அறிமுகமானது. சொந்த வீட்டின் ஓர் அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட வழிசெய்யும் நிறுவனம் அது. கேட்ட தொகை 1,50,000 டாலர். நிறுவனத்தின் மதிப்பாக அவர்கள் போட்டது 15 லட்சம் டாலர். அதாவது அன்றைக்கு அந்தத் தொகையைக் கொடுத்தவருக்குப் பத்து சதவீதப் பங்கு கிடைத்திருக்கும். ஐந்து பேர் மறுத்து எழுதினார்கள். இரண்டு பேர் பதிலே போடவில்லை.

அந்த நிறுவனம் இன்று ஏர்பிஎன்பி. 2020 டிசம்பரில் அது பங்குச் சந்தைக்கு வந்தபோது, முதல் நாளிலேயே அதன் மதிப்பு 8,000 கோடி டாலரைத் தாண்டியது. நிறுவனர்களில் ஒருவரான பிரையன் செஸ்கி, அந்த மறுப்பு மின்னஞ்சல்களை 2015-ல் பெயர்களை மறைத்து வெளியிட்டார். தோற்றவர் ஜெயித்த கதையாகத்தான் பலர் அவற்றைப் படித்தார்கள். ஆனால் முதலீடு தேடும் ஒருவர் அவற்றில் பார்க்கவேண்டியது, மறுத்தவர்கள் சொன்ன காரணங்களை. பயணத் துறை எங்களுக்கு ஒத்துவராது என்றார் ஒருவர். எங்கள் முதலீட்டு முறைக்கு இந்தச் சந்தை போதுமான அளவு பெரியதாகத் தெரியவில்லை என்றார் இன்னொருவர். அந்தப் பதில்களில் இருந்தது நிறுவனர்களின் திறமை பற்றிய தீர்ப்பு அல்ல. வந்த விஷயம் தம் வேலைக்குப் பொருந்துகிறதா என்ற கேள்விக்கான பதில்தான்.

முதல் மின்னஞ்சலைப் படிக்கும் எந்த முதலீட்டாளரும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறார். அந்த ஒரு கடிதத்தைப் பார்த்து யாரும் காசோலை எழுதுவதில்லை. அது கேட்கக்கூடியது அரை மணி நேரச் சந்திப்பு மட்டுமே. பணம் பற்றிய பேச்சு பல சந்திப்புகள், கணக்குச் சரிபார்ப்பு, வழக்கறிஞர்கள் எல்லாம் தாண்டி வருவது. இதை மறந்துவிட்டு நிறுவனத்தின் முழு வரலாற்றையும் முதல் கடிதத்திலேயே கொட்டுபவர்கள்தான் அதிகம்.

கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். நூற்பாலை மோட்டார்களில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, அதிர்வையும் வெப்பத்தையும் அளந்து, மோட்டார் பழுதாகும் முன்பே எச்சரிக்கிறது. நிறுவனர் 11 ஆண்டுகள் ஆலைகளில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவர். அவர் எழுதிய முதல் வரைவு இப்படித் தொடங்குகிறது: “உலகம் நான்காம் தொழிற்புரட்சியை நோக்கி வேகமாகச் சென்றுகொண்டிருக்கும் இந்தக் காலகட்டத்தில், செயற்கை நுண்ணறிவின் துணையோடு உற்பத்தித் துறையை மாற்றியமைக்கும் ஓர் ஒருங்கிணைந்த தளத்தை…”

இரண்டு வரி போயும் நிறுவனம் என்ன விற்கிறது, யாருக்கு விற்கிறது என்று தெரியவில்லை. அதையே இப்படி எழுதலாம்:

“வணக்கம். நூற்பாலை மோட்டார் பழுதாகும் முன்பே எச்சரிக்கும் கருவியைச் செய்து, மாத வாடகைக்குக் கொடுக்கிறோம். கோவை, ஈரோடு பகுதியில் 14 ஆலைகளில் 620 மோட்டார்களில் பொருத்தியிருக்கிறோம். மோட்டாருக்கு மாதம் 400 ரூபாய். சென்ற மாத வருமானம் 2.48 லட்சம் ரூபாய். ஆறு மாதத்துக்கு முன் 4 ஆலைகள், 150 மோட்டார்கள். இதுவரை எந்த ஆலையும் விலகவில்லை. நான் 11 ஆண்டுகள் ஆலைப் பராமரிப்பில் இருந்தவன். என் கூட்டாளி கருவியின் மின்னணுப் பகுதியை வடிவமைத்தவர். அடுத்த 18 மாதங்களில் 60 ஆலைகளை எட்ட 1.5 கோடி ரூபாய் திரட்டுகிறோம். தொழிற்சாலைக் கருவிகளில் நீங்கள் முன்பு முதலீடு செய்திருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த வாரம் செவ்வாய் அல்லது வியாழன் அரை மணி நேரம் பேச முடியுமா? பத்துப் பக்க விளக்கத்தை இணைத்திருக்கிறேன்.”

நடைமுறையில் இது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் அடுக்கு இதுதான். என்ன பொருள், யாருக்கு, இதுவரை என்ன நடந்திருக்கிறது, யார் செய்கிறார்கள், எவ்வளவு பணம் எதற்கு, ஏன் உங்களிடம், எப்போது சந்திக்கலாம். கைப்பேசித் திரையில் ஓரிரு முறை தள்ளினால் முடிந்துவிடும் நீளம். ஏர்பிஎன்பியின் தொடக்கக்கால விளக்கத் தாள்களிலும் முதல் வரி இதே மாதிரி இருந்தது: விடுதிக்குப் பதிலாக உள்ளூர்க்காரர் வீட்டில் அறை பதிவு செய்யலாம். அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை.

எண்களைச் சொல்வதில் ஒரு நேர்மை தேவைப்படுகிறது. கோவை நிறுவனத்தின் கடிதத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு காலம் இருப்பதைக் கவனிக்கலாம்: சென்ற மாதம், ஆறு மாதத்துக்கு முன். காலம் சொல்லாத எண்ணை முதலீட்டாளர் நம்புவதில்லை. “10,000 பேர் பதிவு செய்திருக்கிறார்கள்” என்றால், போன வாரம் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். தளத்தின் வழியாகக் கைமாறிய மொத்தப் பணத்தை வருமானம் என்று எழுதுவது இன்னொரு வழக்கமான தவறு. ஒரு கோடி ரூபாய்க்குப் பொருள் விற்றுக் கொடுத்து ஐந்து சதவீதம் கமிஷன் வாங்கும் நிறுவனத்தின் வருமானம் ஐந்து லட்சம்தான். இதை முதலீட்டாளர் சந்திப்பில் கண்டுபிடித்தால் அடுத்த சந்திப்பு கிடையாது. விற்பனையே தொடங்காத நிறுவனம் என்றால், அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, தேவை இருக்கிறது என்பதற்கான வேறு சான்றைக் காட்டலாம். ஏர்பிஎன்பி அதைத்தான் செய்தது. முன்பின் தெரியாதவர் வீட்டில் தங்க உதவும் கௌச்சர்ஃபிங் என்ற தளத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருப்பதைத் தன் விளக்கத்தில் எடுத்துக்காட்டியது.

இணைக்கும் விளக்கத் தாள்களும் சுருக்கமாகவே இருக்கவேண்டும். கோப்புகளை யார் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அளக்கும் டாக்சென்ட் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, முதலீட்டாளர்கள் ஒரு விளக்கத் தொகுப்பில் செலவழித்த சராசரி நேரம் 3 நிமிடம் 44 விநாடி.

கடிதம் சரி. யாருக்கு அனுப்புவது? இங்குதான் பெரும்பாலான முயற்சிகள் வீணாகின்றன. “சந்தை போதவில்லை” என்ற பதிலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 200 கோடி ரூபாய் நிதியை நிர்வகிக்கும் ஒரு துணிகர முதலீட்டு நிறுவனம் பல நிறுவனங்களில் பணம் போடுகிறது. அவற்றில் பல மூடப்படும் என்பது அதற்குத் தெரியும். ஆகவே ஒவ்வொன்றும் தனியாகவே நிதி முழுவதையும் மீட்டுத் தரக்கூடியதா என்று பார்க்கிறது. கடைசியில் கையில் பத்து சதவீதப் பங்கு இருந்தால், 200 கோடி திரும்ப வர அந்த நிறுவனம் 2,000 கோடி ரூபாய் மதிப்பை எட்டியாகவேண்டும்.

இப்போது கோவை நிறுவனத்துக்கு வருவோம். 14 ஆலைகளில் 620 மோட்டார் என்றால் ஓர் ஆலைக்கு ஏறக்குறைய 44. ஓர் ஆலையிலிருந்து ஆண்டு வருமானம் 2.1 லட்சம் ரூபாய். நாளைக்கே ஆயிரம் ஆலைகள் சேர்ந்தாலும் ஆண்டுக்கு 21 கோடிதான். அதை வைத்து 2,000 கோடி மதிப்பை எட்டுவது கடினம். கருவி நல்லது, நிறுவனர் திறமையானவர், வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறார். ஆனாலும் பெரிய நிதி நிறுவனம் மறுக்கத்தான் செய்யும். நிறுவனருக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. சிமென்ட், காகிதம், சர்க்கரை என்று மோட்டார் ஓடும் எல்லா ஆலைகளுக்கும் இதைக் கொண்டுபோகும் திட்டம் உண்மையிலேயே இருந்தால் கடிதத்தில் அதை ஒரு வரியில் சொல்லலாம். இல்லையென்றால், சொந்தப் பணத்தை முதலீடு செய்யும் ஏஞ்சல் முதலீட்டாளர்களிடம் போகலாம். இருபது லட்சம் போடுபவருக்கு 2,000 கோடி நிறுவனம் தேவையில்லை. அவர் ஓய்வுபெற்ற ஆலை அதிபராக இருந்தால் கருவியின் அருமையை விளக்கவே வேண்டாம்.

ஆகவே எழுதும் முன் ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்கவேண்டும். வழக்கமாக எவ்வளவு தொகை போடுகிறார், எந்தக் கட்டத்தில் இருக்கும் நிறுவனங்களில் போடுகிறார், உங்கள் போட்டியாளரில் ஏற்கெனவே போட்டிருக்கிறாரா. நிதி நிறுவனங்களின் இணையதளத்தில் அவை முதலீடு செய்த நிறுவனங்களின் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்தாலே பெரும்பாலும் விளங்கிவிடும்.

இருவருக்கும் தெரிந்த ஒருவர் அறிமுகம் செய்தால் கடிதம் படிக்கப்படும் வாய்ப்பு கூடும். அறிமுகம் செய்பவருக்கு வேலை வைக்கக்கூடாது. அப்படியே முதலீட்டாளருக்கு அனுப்பிவிடக்கூடிய கடிதத்தை அவருக்குத் தனி மின்னஞ்சலாக எழுதிக் கொடுப்பது வழக்கம். அவர் மேலே இரண்டு வரி சேர்த்து, சந்திக்க விருப்பமா என்று முதலில் கேட்பார். ஆனால் பொருந்தாத ஆளிடம் அறிமுகமும் எடுபடாது. ஏர்பிஎன்பியின் ஏழு மின்னஞ்சல்களுமே அறிமுகத்தோடு போனவைதான். பிறகு ஒய் காம்பினேட்டர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த அந்த நிறுவனத்தை, 2009 தொடக்கத்தில் பால் கிரகாமே ஃபிரெட் வில்சனுக்குப் பரிந்துரைத்து எழுதினார். வில்சன் பணம் போடவில்லை. அது தவறான முடிவு என்று 2011-ல் அவரே எழுதினார். அதே 2009-ல் ஏறத்தாழ 6 லட்சம் டாலர் போட்டது சிகோயா நிறுவனம். அங்கிருந்த கிரெக் மெக்காடூ, விடுமுறை வாடகை வீடுகள் தொழிலை அதற்கு முன்பே ஆராய்ந்து வைத்திருந்தவர். அந்தச் சந்தை எவ்வளவு பெரியது என்று அவருக்கு யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

பதில் வராவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதில் புதிதாக ஒரு செய்தி இருக்கவேண்டும்: மேலும் இரண்டு ஆலைகள் சேர்ந்தன, இந்த மாத வருமானம் மூன்று லட்சம் என்பது போல. அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்தவரிடம் போகலாம். “தொடர்பில் இருப்போம்” என்று மட்டும் எழுதி, தேதி சொல்லாமல் முடித்தால் இப்போதைக்கு இல்லை என்று பொருள். முதல் சந்திப்புக்கே ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பதும் பயன் தராது. பெரும்பாலான முதலீட்டாளர்கள் போடமாட்டார்கள். தொழில் ரகசியம் இருந்தால் முதல் கடிதத்தில் அதை எழுதாமல் விட்டாலே போதும்.

பொறுமை இழந்து, முதலீட்டு அழைப்பை வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும் போடுகிறவர்கள் உண்டு. இது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். நிறுவனங்கள் சட்டம் 2013-ன் 42-வது பிரிவின்படி, தனிப்பட்ட முறையில் பங்கு வெளியிடும் நிறுவனம் அதைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது. பங்கு வாங்கும்படி அழைக்கக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு: நிதியாண்டுக்கு 200 பேர், தகுதிபெற்ற நிதி நிறுவனங்களும் ஊழியர்களும் நீங்கலாக. எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஆபத்து வரலாம். பெரிய தொகை தருவதாகச் சொல்லி, கோப்புக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம் என்று முன்பணம் கேட்பவர் முதலீட்டாளர் அல்ல. அவருக்குப் பதில் எழுதவே வேண்டாம்.