பார்சியரின் மூன்று புத்தாண்டுகள்

ஒரே வேதத்தை ஓதி ஒரே அக்கினியை வணங்கும் ஒரு சிறு சமூகம் புத்தாண்டை மூன்று வெவ்வேறு நாட்களிற் கொண்டாடுகிறது. 2025ஆம் ஆண்டில் மும்பைப் பார்சியருள் ஒரு சாரார் மார்ச் 21ஆம் திகதியிலும், வேறொரு சாரார் யூலை 16ஆம் திகதியிலும், பெரும்பாலோர் ஓகஸ்ட் 15ஆம் திகதியிலும் ஆண்டுப் பிறப்பைக் கொண்டாடினர். நம்பிக்கையில் வேறுபாடில்லாத மக்களிடையே இவ்வேற்றுமை தோன்றியதற்குக் காரணம், ஆண்டுதோறும் எஞ்சி நிற்கும் ஒரு நாளின் காற்பகுதியேயாகும்.

பார்சியரின் பழைய ஆண்டு பன்னிரண்டு மாதங்களைக் கொண்டது. மாதம் ஒவ்வொன்றுக்கும் முப்பது நாட்கள். இறுதியில் காதா நாட்கள் எனப்படும் ஐந்து நாட்கள் சேர்க்கப்படும். ஆக மொத்தம் 365 நாட்கள். ஆனால், பருவங்கள் ஒருமுறை சுழன்று வருவதற்கு ஏறத்தாழ 365¼ நாட்கள் ஆகின்றன. நாம் வழங்கும் நாட்காட்டி இக்குறையை பெப்ரவரி 29ஆம் திகதியால் நிரப்புகிறது. பார்சியரின் பழைய கணக்கில் அத்தகைய நாள் இல்லை. ஆகவே, 2023இல் ஓகஸ்ட் 16ஆம் திகதி பிறந்த புத்தாண்டு, 2024இல் பெப்ரவரி 29 இடையிற் புகுந்தமையால் ஓகஸ்ட் 15ஆம் திகதிக்கு முந்திவிட்டது. நான்காண்டுக்கு ஒரு நாளாக அது பின்னோக்கி நகர்ந்துகொண்டேயிருக்கும்.

மிகுதிநாளைச் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். மாதத்தின் முப்பது நாட்களும் எண்களால் அன்றி, தெய்வப் பெயர்களால் அழைக்கப்படுகின்றன. முதல் நாள் இறைவனாகிய ஓர்மஸ்தின் பெயர் பெற்றது. பிரார்த்தனையின்போது அன்றைய நாளின் பெயரையும் மாதத்தின் பெயரையும் எடுத்துரைத்தல் மரபு. இறந்தோரின் நினைவுநாளும் அவ்விரு பெயர்களைக் கொண்டே குறிக்கப்படும். பெயரில்லாத ஒரு நாளை இடையிலே புகுத்துவதற்கு அவ்வமைப்பில் இடமில்லை. ஆதலின், ஒவ்வொரு நாளாகச் சேர்க்காது, 120 ஆண்டுகளுக்கு ஒருமுறை முப்பது நாட்கொண்ட ஒரு முழு மாதத்தைச் சேர்த்தல் வேண்டும் என்ற வழக்கு நூல்களிற் கூறப்பட்டது.

ஈரானிலிருந்து குஜராத்திற்குக் குடிபெயர்ந்த பார்சியர், பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வாறு ஒரு மாதத்தைச் சேர்த்தனர் எனக் கருதப்படுகிறது. அதன்பின் அவர்கள் அதனை மீண்டும் செய்யவில்லை. ஈரானில் எஞ்சியிருந்தோரோ அதனைச் செய்யவேயில்லை. இரு நாட்டாரும் நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்தமையால், இவ்வேறுபாடு எவருக்கும் தெரியாமலே இருந்தது.

1720ஆம் ஆண்டளவில் ஈரானியக் குரு ஒருவர் சூரத் நகருக்கு வந்தார். அவருடைய கணக்கும் அங்குள்ளோர் கணக்கும் சரியாக ஒரு மாதம் வேறுபட்டிருந்தன. தாம் ஓதிவந்த நாட்பெயர்கள் தவறானவையென்றால், அவ்வளவு காலமும் செய்த கிரியைகள் பயனற்றுப் போயினவோ என்ற அச்சம் பலரைப் பற்றியது. 1745இல் ஒரு பிரிவினர் ஈரானியக் கணக்கை மேற்கொண்டனர். அதுவே பழையது என்னும் கருத்தால் அவர்கள் கத்மி எனப்பட்டனர். முன்னைய வழக்கிலே நின்றோர் ஷஹென்ஷாஹி எனப்பட்டனர். சர்ச்சை முற்றியபோது, முல்லா காவுஸ் என்ற குரு ஐயங்களை எழுதிக்கொண்டு 1768இல் ஈரானுக்குப் பயணமானார். அவர் கொண்டுவந்த விடைகள் கத்மியர் பக்கம் நின்றன. எனினும் பிளவு நீங்கவில்லை.

எது பழையது என்பதே அவ்விவாதத்தின் பொருள்; எது சூரியனோடு பொருந்துவது என்பதன்று. உண்மையில் இரு கணக்குகளுமே பருவத்தை விட்டு விலகியவை. ஈரானின் கடைசிச் சாசானிய மன்னனாகிய மூன்றாம் யஸ்தெகிர்த் முடிசூடிய 632ஆம் ஆண்டிலிருந்து இச்சகாப்தம் எண்ணப்படுகிறது. அதன் முதல் நாள், இன்றைய நாட்காட்டியின்படி யூன் 19ஆம் திகதி. கத்மியருக்கு 2025 யூலை 16இல் 1395ஆம் ஆண்டு பிறந்தது. அதாவது, 365 நாட்கொண்ட 1394 ஆண்டுகள் கழிந்தன. ஆனால், அதே காலத்தில் சூரியன் சுற்றியவை 1393 ஆண்டுகளும் 27 நாட்களுமே. ஆண்டுதோறும் விட்ட காற்பகுதி நாட்கள் 338 நாட்களாகத் திரண்டு, புத்தாண்டைப் பருவங்கள் யாவற்றின் ஊடாகவும் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றுச் சுற்றச் செய்துவிட்டன. ஷஹென்ஷாஹி புத்தாண்டு, முன்பு சேர்த்த ஒரு மாதத்தின் காரணமாக, இதற்கு முப்பது நாட்கள் பின்னதாக வருகிறது. இரண்டும் ஒரே அளவாக நகர்வதால், அம்முப்பது நாள் இடைவெளி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

மூன்றாவது வழி 1906இல் பிறந்தது. கர்ஷேத்ஜி ருஸ்தம்ஜி காமா என்ற அறிஞரின் முயற்சியால் எழுந்த பசலிக் கணக்கு, இளவேனிலில் இரவும் பகலும் சமமாகும் காலத்தை ஒட்டி, மார்ச் 21ஆம் திகதியைப் புத்தாண்டாக நிலைநிறுத்தியது. பசலி என்றால் பருவத்துக்குரியது என்பது பொருள். ஐந்து காதா நாட்களுக்குப் பின் நான்காண்டுக்கு ஒருமுறை ஆறாவது நாள் ஒன்று அதிற் சேர்க்கப்படுகிறது. மாதங்களின் நடுவே புகாமல் ஆண்டின் கடைசியில் அந்நாள் வைக்கப்பட்டமையால், முப்பது தெய்வப் பெயர்களின் வரிசையும் குலையவில்லை.

எனினும், இந்தியப் பார்சியருட் பெரும்பாலோர் இதனை ஏற்கவில்லை. பசலிக்கு மாறினால் தந்தையின் நினைவுநாளும் தாயின் நினைவுநாளும் வேறு திகதிக்குப் போய்விடும். முன்னோர் ஓதிய நாளில் ஓதாமற் போகும். சூரியனோடு ஒத்துப்போவதா, முன்னோரோடு ஒத்துப்போவதா என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை முன்னோர் என்பதே. ஆகவேதான் ஷஹென்ஷாஹி, கத்மி ஆகிய இரு புத்தாண்டுகளும், 2028ஆம் ஆண்டின் பெப்ரவரி 29 கழிந்ததும், மேலும் ஒவ்வொரு நாள் முந்திவரும்.