ஜாரையும் கொண்டு வரச் சொல்லுங்கள்

மிக்ஸி பழுது பார்க்கும் சிறு கடைக்காரர், காயில் கட்டிய மோட்டாருக்கு 3 மாத வாரன்டி தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மாதத்தில் அது கருகிய வாடையோடு திரும்பி வருகிறது. காயில் கட்டியதில் குறை என்று அவர் முடிவு செய்துவிடக் கூடாது. முதலில் அடியிலுள்ள சிவப்பு பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். சுமை கூடினால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பல நேரம் கோளாறே அவ்வளவுதான். அப்படியும் ஓடவில்லையென்றால் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். கீழே மாவு காய்ந்து ஒட்டியிருந்தால் குற்றவாளி ஜார்தான். பிளேடின் புஷ் தேய்ந்து, தண்ணீர் ஒழுகி, பேரிங் இறுகி, மோட்டார் திணறிக் கருகியிருக்கிறது. ஜாரை மாற்றாமல் எத்தனை முறை காயில் கட்டினாலும் இதே கதைதான்.

அதனால்தான் மிக்ஸியை வாங்கும்போதே ஜாரில் தண்ணீர் ஊற்றிச் சோதித்து, ஒழுகினால் ரசீதில் எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவது நல்லது. புஷ் மாற்றச் சம்மதித்தால் மட்டுமே காயிலுக்கு வாரன்டி. கப்ளரும் கார்பனும் தேயும் பொருள்கள். அவற்றுக்கு வாரன்டி இல்லை என்பதையும் அதே ரசீதில் தமிழில் எழுதிவிட வேண்டும். கழற்றிய பழைய காயிலைக் கையில் கொடுத்தனுப்பினால், மாற்றினாரா என்ற சந்தேகமே எழாது.